ஸ்கேன் நார்மல், கணக்கு மட்டும் இடிக்கிறது

தலையில் அடிபட்டவருக்குச் சில வாரம் கழித்து மூளைச் செயல்பாட்டுப் பரிசோதனை செய்தால், முடிவில் ஆறேழு பக்கத்துக்கு ஓர் ஆங்கில அறிக்கை வரும். அட்டவணை, எண்கள், சோதனைகளின் பெயர்கள் என்று அது அடுத்த மருத்துவர் படிப்பதற்காக எழுதப்பட்டது. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு அதில் ஒரு வரிகூடப் பிடிபடாது. பிடிபடுகிற ஓரிரு சொற்களும் பெரும்பாலும் பயமுறுத்தும். அதனால் நரம்பியல் உளவியலாளர்களில் சிலர் அறிக்கையோடு குடும்பத்துக்கென்று தனியாக ஒரு கடிதமும் தமிழில் எழுதித் தருகிறோம்.

இதை வெறும் உபசாரமாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜென்னி பொன்ஸ்ஃபோர்டு என்ற ஆய்வாளரின் குழு, லேசான மூளைக்காயத்தோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு வாரத்திலேயே சின்னக் கையேடு ஒன்றைக் கொடுத்தது. என்னென்ன தொந்தரவு வரலாம், அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கையேடு பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்குத் தொந்தரவு குறைவாக இருந்தது. 2002-ல் வந்த ஆய்வு அது. தனக்கு என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதே வைத்தியத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

அப்படிப்பட்ட கடிதம் ஒன்றைப் பகுதி பகுதியாக இங்கே தருகிறேன். இதில் வருபவர் தனி ஒருவர் அல்லர். பலரிடம் கண்டதை ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன். வயது 38. பி.காம். படித்தவர். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். இரவு பத்து மணிவாக்கில் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது குறுக்கே நாய் பாய்ந்து விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், வாரை மாட்டவில்லை. தலை தரையில் மோதுவதற்குள் ஹெல்மெட் கழன்று உருண்டுவிட்டது. 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவே எடுத்த சி.டி. ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை, எலும்பு முறிவும் இல்லை. மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏழாவது வாரம் எங்களிடம் வந்தபோது கூட இரண்டு பேர் வந்தார்கள். மனைவி சொன்னது: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கிறாங்க. ஆனா இவரு பழைய ஆளா இல்லைங்க சார். சொன்னது மறந்துபோகுது, பையன் மேல எரிஞ்சு விழுறாரு. உள்ள ஏதாச்சும் போயிருச்சா?" அண்ணன் தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து சொன்னது: "ஸ்கேன்தான் நார்மலாச்சே சார். வேலைக்குப் போறதுக்குச் சாக்குச் சொல்றானோன்னு தோணுது." ஒருவர் மூளையே போய்விட்டதாகப் பயப்படுகிறார், இன்னொருவர் ஒன்றுமே இல்லை என்று சந்தேகப்படுகிறார். ஒரே கடிதம் இருவரையும் நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கடிதம் இப்படித் தொடங்கியது.

"வணக்கம். உங்கள் கணவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இந்தக் கடிதத்தை உங்களுக்கும் அவருடைய அண்ணனுக்கும் தருகிறேன். முதலில், அன்றிரவு நடந்ததை வைத்து எங்களுக்குத் தெரிந்தது: கீழே விழுந்ததும் இரண்டு மூன்று நிமிடம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண் திறந்திருந்தது, சொன்னபடி கைகாலை அசைத்தார், பேச்சு மட்டும் குழம்பியிருந்தது. அதற்கு 15-க்கு 14 மதிப்பெண். இரண்டு மணி நேரத்தில் 15 ஆகிவிட்டது. விபத்தையும் அதற்குப் பிந்திய சுமார் ஆறு மணி நேரத்தையும் அவர் மனம் பதிவு செய்யவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது லேசான மூளைக்காயம் என்ற வகையில் வருகிறது."

அந்த 15 மதிப்பெண் கிளாஸ்கோ அளவுகோல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. ஒன்றுமே அசையாதவருக்கும் 3 உண்டு. அடிபட்டு அரை மணி நேரம் கழித்து 13-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நினைவு தப்பியது அரை மணிக்கு மேல் போகக் கூடாது. குழப்பமும் ஞாபகப் பதிவு இல்லாமையும் 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிட வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் லேசான வகை. முதல் நாளின் நிலையை வைத்துத்தான் இந்த வகைப்படுத்தல். அப்புறம் எத்தனை நாள் தலை வலிக்கும், எப்போது வேலைக்குப் போகலாம் என்பதையெல்லாம் இதிலிருந்து எடுத்துச் சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றில் எனக்கு அதிகம் சொல்வது அந்த ஆறு மணி நேரம்தான். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் முதல் பேட்டியில் அதிக நேரம் போகிறது. "விபத்து எப்படி நடந்தது?" என்று கேட்டால் எல்லோரும் கோவையாகச் சொல்லிவிடுவார்கள். பார்த்தவர்கள் சொன்னது, மனைவி சொன்னது, போலீஸ் கேட்டபோது தானே சொன்னது எல்லாம் சேர்ந்து ஒரு கதையாகியிருக்கும். எனக்கு அந்தக் கதை வேண்டாம். "யாரும் சொல்லாமல், உங்களுக்கே ஞாபகம் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒவ்வொரு துண்டையும் பிரித்தெடுக்க வேண்டும்.

இவருக்கு விபத்துக்கு முந்திய கடைசி ஞாபகம், மார்க்கெட் வாசலில் டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய் கொடுத்தது. அதற்குப் பின் ஆம்புலன்ஸ் கூரையில் ஒரு வெளிச்சம் ஓடியது நினைவிருக்கிறது. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. ஊசி போட்ட நர்ஸின் கை வளையல் ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை. பொழுது விடியும் முன்னே, நாலு மணி இருக்கும், மச்சினன் ஃபிளாஸ்கில் பால் கொண்டுவந்தார். அதிலிருந்து நடந்தது எல்லாம் வரிசையாக வருகிறது. ஆம்புலன்ஸ் வெளிச்சம் நினைவிருப்பதால் அப்போதே தெளிந்துவிட்டார் என்று கணக்கிடக் கூடாது. துண்டு துண்டான ஞாபகம் சேர்த்தியில்லை. அறுந்துபோகாமல் தொடரும் ஞாபகம் எப்போது திரும்புகிறதோ அங்கேதான் கோடு போட வேண்டும். இரவு பத்திலிருந்து விடியற்காலை நாலு. அப்படித்தான் ஆறு மணி நேரம் வந்தது.

மனைவிக்கு இது தெரிய வேண்டிய காரணம் வேறு. அன்றிரவு அவர் ஆஸ்பத்திரியில் "பையன் எங்கே, பையன் எங்கே" என்று ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டாராம். அதைப் பார்த்த மனைவிக்கு இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. அன்று பதில் சொன்னால் பதிவாகவில்லை, அதனால் மறுபடி கேட்டார். இன்றைய மறதி அதன் தொடர்ச்சி அல்ல என்று கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தேன். அந்த ஆறு மணி நேரம் இனித் திரும்பி வராது, அதை வரவழைக்க முயலவும் வேண்டாம் என்றும் எழுதினேன். சில வீடுகளில் விபத்து நடந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டுபோய் "இப்போ ஞாபகம் வருதா?" என்று சோதிக்கிறார்கள்.

அடுத்த பத்தி ஸ்கேனைப் பற்றியது.

"சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும் காட்டும். உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கத்தான் அன்றிரவு அதை எடுத்தார்கள். வேண்டாம் என்று அது சரியாகவே சொன்னது. தலை சட்டென நிற்கும்போது மூளை உள்ளுக்குள் அசைந்து, அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடும். உயிரணுக்களின் உப்புச் சமநிலை கலைந்து, அதைச் சரிக்கட்டவே அவை தங்கள் சக்தியைச் செலவழிக்கும். இது சி.டி. படத்தில் தெரியாது. லேசான காயத்தில் பெரும்பாலான இழைகள் அறுவதில்லை. நாட்கணக்கிலோ சில வாரங்களிலோ நிலைமை சீராகும்."

ஸ்கேன் நார்மல் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு அண்ணன் வந்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லை என்பதால் இன்னும் பெரிதாக ஏதோ மறைந்திருக்கிறது என்று மனைவி நினைத்தார். "எம்.ஆர்.ஐ. எடுத்தா தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். எடுத்தால் சிலருக்குச் சிறு புள்ளிகள் தெரிவதுண்டு. ஆனால் இவருக்குச் செய்யப்போகும் வைத்தியம் அதனால் மாறப்போவதில்லை. அந்தச் செலவை இப்போது செய்ய வேண்டாம் என்பதே நரம்பியல் மருத்துவரின் முடிவு. அதையும் எழுதினேன்.

இனிப் பரிசோதனை. டீ இடைவேளையோடு மூன்று மணி நேரம் ஆயிற்று. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் இந்தியர்களுக்கான அளவுகள் வயது, படிப்பு வாரியாக உண்டு. பள்ளிக்கூடமே போகாத ஒருவரையும் பி.காம். படித்தவரையும் ஒரே கோலால் அளந்தால் முதலாமவர் காரணமே இல்லாமல் நோயாளியாகிவிடுவார் என்பதால் இது முக்கியம். நூறு பேரை நிறுத்தினால் கடைசிப் பதினைந்து பேருக்குள் வருகிற மதிப்பெண்ணை அதில் குறைவு என்று குறிப்பார்கள்.

குடும்பத்துக்கு எல்லாச் சோதனையையும் விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நன்றாக விளக்கினால் போதும். நான் எடுத்துக்கொள்வது வார்த்தைப் பட்டியல். பதினைந்து சாதாரண வார்த்தைகளை வாசித்துக்காட்டி, ஞாபகம் உள்ளதைச் சொல்லச் சொல்வோம். அதே பட்டியல் ஐந்து தடவை. பிறகு குழப்புவதற்கென்று வேறு பட்டியல் ஒன்று. உடனே பழைய பட்டியலைத் திரும்பக் கேட்போம். அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்போம். கடைசியில், ஒரு பெரிய பட்டியலை வாசித்து, இதில் எது முன்பு கேட்டது என்று அடையாளம் காட்டச் சொல்வோம். (வார்த்தைகளை இங்கே அச்சிட மாட்டேன். படித்துவிட்டு வருபவரிடம் பிறகு அந்தச் சோதனையை நடத்த முடியாது.)

"உங்கள் கணவர் முதல் தடவை 4 வார்த்தை சொன்னார். அவர் வயதுக்கும் படிப்புக்கும் அது குறைவு. அடுத்தடுத்த தடவைகளில் 6, 8, 10, 11 என்று ஏறினார். குழப்பும் பட்டியலுக்குப் பிறகு 9. அரை மணி நேரம் கழித்தும் அதே 9. அடையாளம் காட்டச் சொன்னபோது 15-ல் 14 சரி. மண்டிக்கு லோடு வந்து இறக்குவதில்தான் சுணக்கம். குடோனுக்குள் போய்விட்ட சரக்கு அப்படியே இருக்கிறது. அவருக்கு ஞாபகசக்தி போய்விடவில்லை. சொல்வதை உள்வாங்கும் வேகம் குறைந்திருக்கிறது. நீங்கள் சமையலறையிலிருந்து, டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லும் விஷயம் பாதிதான் உள்ளே போகிறது; அதனால்தான் பிறகு திரும்ப வரமாட்டேன் என்கிறது."

அந்த 9, 9 என்பதுதான் இந்தப் பரிசோதனையில் மிக நல்ல செய்தி. மறதிநோயில் நடப்பது வேறு: கற்றுக்கொண்டதே அரை மணியில் கரைந்துபோகும், அடையாளம் காட்டவும் வராது. பயந்துபோன குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். ஆகவே இவருக்கு அப்படி இல்லை என்பதை அடித்துச் சொல்லலாம்.

வேகத்தை நேராக அளக்கும் சோதனைகளிலும் அதே கதைதான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி கொடுத்து, ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடத்தில் எத்தனை கட்டம் நிரப்புகிறார் என்று பார்ப்பது ஒன்று. தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை 1, 2, 3 என்று வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொல்லி, பிறகு அதையே நிறம் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்வது இன்னொன்று. நேராக இணைப்பதில் குறையில்லை. நிறம் மாற்ற வேண்டும் என்றதும் வேகம் விழுந்துவிட்டது. நூறு பேரில் ஒன்பதாவது, பத்தாவது இடத்தில் இருந்தார். தப்பு எதுவும் விடவில்லை, நேரம் மட்டும் எடுத்தது.

அவர் வேலையை நினைத்துப் பாருங்கள். ஏலம் நடக்கும்போது ஒருவர் தக்காளி விலையைக் கூவுவார், இன்னொருவர் மூட்டை எண்ணிக்கை சொல்வார், நடுவே விவசாயி தன் சீட்டைக் கேட்பார், போன் அடிக்கும். இவர் எழுதிக்கொண்டே கூட்டுவார். எங்கள் அறையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கேயே சற்று இடறுகிறவர் மார்க்கெட்டில் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. சோதனையில் தேறிவிட்டார், மண்டியில் மட்டும் தடுமாறுகிறார் என்றால்கூட அதை நடிப்பு என்று சொல்லிவிடக் கூடாது.

நடிப்பு என்றதும் அண்ணனின் கேள்வி வருகிறது. முழு முயற்சியோடுதான் செய்கிறாரா என்று பார்ப்பதற்கென்றே சோதனைகள் உண்டு. அவற்றை எப்படிச் செய்கிறோம் என்று சொல்ல முடியாது. சொன்னால் பயனில்லாமல் போகும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "முயற்சியைச் சரிபார்க்கும் சோதனைகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தேறினார். இந்த மதிப்பெண்களை நம்பி முடிவெடுக்கலாம்." அண்ணனை நோக்கி ஒரு வார்த்தைகூடத் தனியாக எழுதவில்லை. அவர் படித்துக்கொள்வார்.

மனைவியின் பக்கம் சாயாமல் இருக்கவும் ஒரு பத்தி வேண்டியிருந்தது. மொத்தம் 14 அளவுகள் எடுத்தோம், 3 குறைவாக வந்தன. அறிக்கையில் அந்த மூன்றும் தடித்த எழுத்தில் இருக்கும், பார்த்ததும் பகீரென்றிருக்கும். ஆனால் ஒவ்வொரு அளவிலும் நூறு பேரில் பதினைந்து பேர் கோட்டுக்குக் கீழே வருவார்கள் என்று நாமே வைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் 14 அளவு எடுத்தால், தலையில் அடியே படாத ஆளுக்கும் சராசரியாக இரண்டு குறைவாக வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று பெரிய விஷயம் இல்லை. நான் அதைப் பொருட்படுத்தியதற்குக் காரணம், குறைந்த மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: உள்வாங்கும் வேகம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குறைந்திருந்தால் விட்டுவிட்டிருப்பேன். அனுபவமில்லாதவர் எழுதும் அறிக்கைகளில், குறைந்த ஒவ்வொரு எண்ணுக்கும் மூளையில் ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே பழுது என்று எழுதிவிடுவதைப் பார்க்கிறேன். குடும்பம் அதை ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

அடுத்தது கடிதத்தின் நடுப்பகுதி. தொந்தரவு எல்லாவற்றையும் மூளைக்காயத்தின் தலையில் கட்டாமல் பிரித்துக் காட்ட வேண்டிய இடம். ஏழு வாரம் கழித்து வருபவரிடம் இதுதான் அதிகப் பயன் தருகிறது. ஏனென்றால் தனியாக வைத்தியம் உள்ளவை இங்கேதான் அகப்படும்.

"கிறுகிறுப்பு: படுக்கையில் வலது பக்கம் புரளும்போது மட்டும் வீடே சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றார். இது மூளையிலிருந்து வரவில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அடிபட்டதில் இடம் பெயர்ந்திருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்துப் பார்த்தபோது கண் துடித்தது. தலையை ஒரு வரிசையில் திருப்பித் துகள்களை இருந்த இடத்துக்கே கொண்டுபோகும் முறை உண்டு. இரண்டு தடவை செய்ததில் சுற்றல் நின்றிருக்கிறது.

தலைவலி: பிடரியிலிருந்து ஏறும் வலி. கழுத்துத் தசையும் சுளுக்கியிருக்கிறது. அதோடு, விபத்திலிருந்து பெரும்பாலான நாட்களில் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் என்று சில மாதம் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அந்த நிலைக்குப் போகாமல் குறைப்பதற்கு நரம்பியல் மருத்துவர் வழி சொல்லியிருக்கிறார். கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எரிச்சல்: இரவு நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. படுத்தால் 'எனக்கு மூளை போயிருச்சோ' என்ற யோசனைதான். தூக்கமில்லாத யாருக்கும் சத்தம் பொறுக்காது, கவனம் நிற்காது. உங்கள் கணவருக்கு மனநோய் இல்லை. பயமும் தூக்கமின்மையும் இருக்கின்றன. நாங்கள் முதலில் கைவைக்கப்போவது தூக்கத்தில்தான்."

இதைப் படித்துவிட்டு மனைவி, அப்படியானால் வேகம் குறைந்ததற்கும் தூக்கம்தான் காரணமா, காயமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பரிசோதனை அதைப் பிரித்துச் சொல்லாது. தூக்கமும் வலியும் பயமும் அதே சோதனைகளில்தான் மதிப்பெண்ணைக் குறைக்கும். இத்தனை பங்கு காயம், இத்தனை பங்கு தூக்கம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. தூக்கமும் வலியும் சரியான பிறகு மறுபடி அளந்தால் தெரியும் என்பதுதான் ஒழுங்கான பதில். கடிதத்திலும் அப்படியே இருந்தது.

வேலையைப் பற்றி வழக்கமாக இரண்டு எல்லைக்குப் போவார்கள். மூன்று மாதம் அசையாமல் படுக்கவைப்பார்கள், அல்லது மறுநாளே பழைய வேலைக்கு அனுப்புவார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் இருட்டறையில் கிடந்தால் தொந்தரவு கூடுகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. இவருக்கு ஏழு வாரம் வீட்டில்தான். "தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து, ஏலம் தொடங்கும் முன் மண்டி அமைதியாக இருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் போய்ச் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றட்டும். கூட்டியதைக் கால்குலேட்டரில் ஒரு தடவை சரிபார்க்கட்டும். ஏலத்துக்கு இப்போது வேண்டாம். வேலையில் தலைவலி கொஞ்சம் கூடினால் காயம் பெரிதாகிறது என்று அர்த்தமில்லை. எழுந்து கால் மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். பைக் ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைக்கவும். குடி அறவே வேண்டாம். தெளிவதற்குள் இன்னொரு அடி படக் கூடாது."

வீட்டில் செய்ய வேண்டியதை மூன்றே வரியில் முடித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், டி.வி.யை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், முக்கியமானதைச் சுவரில் காலண்டரில் எழுதுங்கள். "இது ஞாபகம் இருக்கா, அது ஞாபகம் இருக்கா" என்று வீட்டில் பரீட்சை வைக்க வேண்டாம். நீளமான பட்டியல் கொடுத்தால் யாரும் செய்வதில்லை.

ஆபத்து அறிகுறிகளைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் கொடுத்தோம்: நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சு குழறுவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல ஒழுகுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் எங்களைத் தேட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நாளில்தான் இந்தப் பயம் அதிகம். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சில வாரம் கழித்துக்கூட மெதுவாக ரத்தம் சேரலாம். இவர் இரண்டு வகையிலும் இல்லை. இருந்தாலும் தாள் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கட்டும் என்றோம்.

"எப்போது சரியாகும் என்று கேட்டீர்கள். இப்படி அடிபட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கு வருகிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் நீளும். பெரும்பாலும் தூக்கம், வலி, பயம், முன்பே இருந்த மனச்சோர்வு ஆகியவை சேர்ந்துகொள்வதால். அவருக்குத் தேதி குறித்துக் கொடுக்க முடியாது. கிறுகிறுப்பு நின்றிருப்பதும், கற்றது நிலைப்பதும் அவருக்குச் சாதகம். நாலு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். அப்போது வேறு வார்த்தைப் பட்டியல் இருக்கும். அதற்குள் வேறெங்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டாம். பழகிப்போன சோதனையில் மதிப்பெண் தானாகவே ஏறி, குணமானதுபோலக் காட்டிவிடும்."

அண்ணன் கடைசியில் ஒன்று கேட்டார்: இந்தக் கடிதத்தை இன்ஷூரன்ஸ் கேஸுக்கு வைக்கலாமா? வைக்க முடியாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வேண்டியவை ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, முழு அறிக்கை. கடிதம் அவர்கள் வீட்டுக்கு மட்டும் எழுதியது. அதோடு, நிரந்தரக் குறைபாடு இருக்கிறதா என்று ஏழாவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது, இப்போதே சதவீதம் போட்டு வாங்கினால் அது நிற்காது என்றும் சொன்னேன். வக்கீல் அவசரப்படுத்துகிறார் என்றார். அவசரப்படுத்துவார்தான்.

"சரி, ஏலத்துக்கு எப்ப உட்காரலாம்?" என்று தம்பியே கேட்டார், அதுவரை பேசாமல் இருந்தவர். ஐந்தாறு நாள் தொடர்ந்து இரண்டு மணி நேரம் சீட்டு எழுதி, தலைவலி அதே அளவில் நின்று, கால்குலேட்டரோடு ஒத்துப்போனால், அப்புறம் வரத்து குறைவாக இருக்கும் ஒரு நாளில், பக்கத்தில் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு உட்காரலாம் என்றேன். வரத்து எந்த நாளில் குறையும் என்று அண்ணனும் தம்பியும் அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.